ஷார்ப், சார்ட்டினோ விகிதங்கள்

முதலீட்டு உத்திகளை வெறும் லாபத்தால் அல்லாமல், அதற்காக ஏற்ற இடரோடு சேர்த்து ஒப்பிடும் அளவைகள். ஷார்ப் விகிதத்தை வில்லியம் ஷார்ப் 1966-இல் முன்வைத்தார். ஆண்டு வருவாயிலிருந்து இடரற்ற வட்டியைக் கழித்து, மீதியை வருவாயின் திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டும். ஃபிராங்க் சார்ட்டினோவின் பெயர் கொண்ட விகிதம், குறைந்தபட்ச இலக்குக்குக் கீழே விழும் விலக்கத்தை மட்டுமே வகுஎண்ணாகக் கொள்கிறது.

கற்பனையாக, இடரற்ற வட்டியும் இலக்கும் 6% எனக் கொள்வோம். முதல் உத்தியின் வருவாய் 24%, திட்டவிலக்கம் 30%, கீழ்விலக்கம் 12%. இரண்டாவதற்கு முறையே 15%, 10%, 9%. ஷார்ப் விகிதம் 0.6, 0.9. இரண்டாவதே முந்துகிறது. 6% வட்டிக்கு முதலுக்கு இணையான கடன் வாங்கி இந்த உத்தியில் முதலீட்டை இரட்டித்தால், அதே 24% வருவாய் 20% விலக்கத்தில் கிடைக்கும். ஆனால் கீழ்விலக்கமும் 18% ஆகிவிடும். சார்ட்டினோ விகிதமோ 1.5, 1.0 என்று தீர்ப்பைத் திருப்புகிறது. முதல் உத்தியின் ஆட்டம் பெரும்பாலும் திடீர் லாபங்களால் வந்தது. ஷார்ப் அதையும் குற்றமாகவே எண்ணுகிறது.

கீழ்விலக்கக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழை, இலக்கை எட்டாத மாதங்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுப்பது. இலக்கைத் தாண்டிய மாதங்களைச் சுழியமாகச் சேர்த்து, எல்லா மாதங்களாலும் வகுப்பதே சரி. ஆப்ஷன் விற்கும் உத்திகளில் சந்தைச் சரிவு இல்லாத காலத் தரவு மட்டும் இருந்தால், இரு விகிதங்களுமே ஏமாற்றும்.