இறுதி மதிப்பு

ஒரு நிறுவனம் வருங்காலத்தில் ஈட்டப்போகும் ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, அதற்கு விலை காண்பது ஒரு மதிப்பீட்டு முறை. அதில் முதல் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளை மட்டும் தனித்தனியாகக் கணிப்பார்கள். அதற்குப் பிறகு வரக்கூடிய பணம் முழுவதையும் ஒரே தொகையாக எழுதிவிடுவார்கள். அந்தத் தொகைக்குப் பெயர் இறுதி மதிப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் டெர்மினல் வேல்யூ என்பார்கள். பெயரில் 'இறுதி' இருந்தாலும் அது தொழிலின் முடிவைக் குறிப்பதில்லை. கணிப்பவர் தன் கணிப்பை எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதையே குறிக்கிறது. பெரும்பாலான மதிப்பீடுகளில் மொத்த விலையின் பாதிக்கு மேல், பல நேரம் முக்கால் பங்கு, இந்த ஒரே எண்ணிலிருந்து வருகிறது.

இதன் வேர் அரசுக் கடன் பத்திரங்களில் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு 1751இல் தன் பல கடன்களை ஒன்றாகத் திரட்டிக் 'கன்சால்' என்ற பத்திரமாக மாற்றியது. அதற்கு முதிர்வு நாள் கிடையாது. அரசு தானாக முன்வந்து அசலைத் திருப்பித் தரும்வரை வட்டி வந்துகொண்டே இருக்கும். நூறு பவுண்டு பத்திரம் ஆண்டுக்கு 3 பவுண்டு தருகிறது, சந்தையில் வட்டி 5 சதவீதம் என்றால், 3ஐ 0.05ஆல் வகுக்க 60 பவுண்டு. முடிவில்லாத வரவுக்கும் முடிவுள்ள விலை உண்டு என்பதை இந்த ஒரு வகுத்தல் காட்டிவிட்டது. தூரத்து ஆண்டின் 3 பவுண்டு இன்றைக்குச் சில பென்சுகளாகத் தேய்ந்துவிடுவதுதான் காரணம். கடைசிக் கன்சால்களை அரசு 2015இல் அசல் கொடுத்து மீட்டுக்கொண்டது.

பத்திரத்தின் வட்டி மாறாதது. நிறுவனத்தின் வரவு அப்படியல்ல. இந்தத் தர்க்கத்தைப் பங்குகளுக்கு முழுமையாக விரித்தவர் ஜான் பர் வில்லியம்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, 'தி தியரி ஆஃப் இன்வெஸ்ட்மென்ட் வேல்யூ' என்ற நூலாக 1938இல் வெளிவந்தது. ஒரு பங்கின் மதிப்பு அது இனித் தரப்போகும் ஈவுத்தொகைகள் அனைத்தின் இன்றைய மதிப்பே என்பது அவர் வாதம். ஜெனரல் மோட்டார்ஸ், யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் போன்ற நிறுவனங்களை எடுத்து அதைக் கணக்குப் போட்டும் காட்டினார். வளர்ச்சி ஒரு கட்டத்தில் தணிந்தாக வேண்டும் என்பதை அவர் விட்டுவிடவில்லை. பின்னால் வந்த சுருக்கச் சூத்திரங்களில் அந்தக் கவனம் சற்று மங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்று பயன்படும் சூத்திரம் மைரன் கார்டன் பெயரால் வழங்குகிறது. அவரும் எலி ஷாப்பிரோவும் 1956இல் வெளியிட்ட கட்டுரையின் நோக்கம் உண்மையில் விலை காண்பதல்ல. பங்கின் விலை தெரிந்திருக்கும்போது, முதலீட்டாளர்கள் எவ்வளவு ஆதாயம் எதிர்பார்க்கிறார்கள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. விலையை வைத்து எதிர்பார்ப்பை அறியப் பிறந்த சமன்பாட்டை, எதிர்பார்ப்பை வைத்து விலையை அறியப் பிறகு திருப்பிப் போட்டார்கள். மதிப்பீட்டுத் தாள்களில் அது இப்படி எழுதப்படும்:

```
TV = FCF × (1 + g) / (r − g)
```

`FCF` என்பது கடைசியாகக் கணித்த ஆண்டில், தொழிலுக்குத் தேவையான முதலீடு எல்லாம் போக மிஞ்சும் ரொக்கம். `r` கழிவு வீதம், அதாவது அந்த அளவு ஆபத்துள்ள தொழிலில் பணம் போடுபவர் எதிர்பார்க்கும் ஆண்டு ஆதாயம். `g` அந்த ரொக்கம் இனி என்றென்றும் ஆண்டுக்கு வளரும் வீதம்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அதன் கையில் மிஞ்சும் ரொக்கம் 100 கோடி ரூபாய். ஐந்தாம் ஆண்டு வரை அது ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்து 136 கோடி ஆகிறது. கழிவு வீதம் 11 சதவீதம், அதன் பிறகான நிரந்தர வளர்ச்சி 4 சதவீதம். ஐந்து ஆண்டு வரவுகளையும் இன்றைக்குக் கொண்டுவந்து கூட்டினால் 427 கோடி. ஆறாம் ஆண்டின் ரொக்கம் 141.5 கோடியை 7 சதவீதத்தால் வகுத்தால் இறுதி மதிப்பு 2,021 கோடி. அது ஐந்தாம் ஆண்டின் முடிவில் நின்று பார்த்த மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவந்தால் 1,199 கோடி. ஆக நிறுவனத்தின் மதிப்பு 1,626 கோடி, அதில் 74 சதவீதம் இறுதி மதிப்பு.

இந்த 74ஐப் பார்த்ததும் கணக்கில் பிழை இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பங்கு பெரிதாக இருப்பது மட்டுமே பிழைக்கு அடையாளமல்ல. வளர்ச்சியே இல்லாத கன்சாலையே பாருங்கள். ஆண்டுக்கு 100 ரூபாய், வட்டி 10 சதவீதம் என்றால் மதிப்பு 1,000 ரூபாய். முதல் ஐந்து ஆண்டுகளின் பங்கு அதில் 379 ரூபாய்தான், மீதி 621 ரூபாய் ஐந்தாம் ஆண்டுக்கு அப்பால் கிடக்கிறது. கணிப்பை நிறுத்தும் கோட்டைப் பத்தாம் ஆண்டில் போட்டால் அப்பால் கிடப்பது 386 ரூபாயாகக் குறையும். பத்திரம் அதேதான், விலையும் அதே 1,000தான், கோடு மட்டுமே நகர்ந்தது. நீண்ட காலம் உழைக்கும் எந்தச் சொத்துக்கும் மதிப்பின் பெரும்பகுதி தூரத்தில்தான் இருக்கும். ஐந்து ஆண்டு என்ற கோடோ, மனிதர்கள் நம்பிக்கையோடு திட்டமிடக்கூடிய எல்லையைப் பொறுத்து எழுந்த வழக்கம். சொத்துக்களின் மதிப்பிழப்பைச் சோதிக்கும் ஐஏஎஸ் 36 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரமும், தகுந்த காரணம் காட்டாவிட்டால் நிர்வாகத்தின் பட்ஜெட்டை ஐந்து ஆண்டுக்கு மேல் நம்பக் கூடாது என்கிறது. அதற்கு அப்பால் வளர்ச்சி வீதம் நிலையாகவோ குறைந்துகொண்டோ போக வேண்டும் என்பதும் அதன் விதி.

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. சூத்திரத்தின் கீழே நிற்பது இரு வீதங்களின் வித்தியாசம், அது எப்போதும் சின்ன எண். மேலே சொன்ன நிறுவனத்துக்கு நிரந்தர வளர்ச்சியை 4இலிருந்து 5 சதவீதம் ஆக்கினால் வகுக்கும் எண் 7இலிருந்து 6 ஆகிறது. மொத்த மதிப்பு 1,840 கோடிக்கு ஏறிவிடும். ஆலையில் ஒரு செங்கல்கூட நகராமல் 214 கோடி கூடிவிட்டது. வளர்ச்சியை 4இலேயே விட்டுக் கழிவு வீதத்தை 10 ஆக்கினால் 1,900 கோடியைத் தாண்டும். இரண்டையும் ஒரு புள்ளி வரை துல்லியமாக அறிந்தவர் எவருமில்லை.

இந்த வகுத்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டேவிட் டுராண்ட் 1957இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். நாணயத்தைச் சுண்டி, தலை விழத் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் பரிசு இரட்டிப்பாகும் விளையாட்டு ஒன்றைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னூலி குடும்பத்தார் ஆராய்ந்தார்கள். பீட்டர்ஸ்பர்க் புதிர் என்று அதற்குப் பெயர். கணக்குப்படி அதன் எதிர்பார்ப்பு மதிப்பு முடிவிலி. ஆனாலும் யாரும் பெருந்தொகை கொடுத்து அதை ஆட மாட்டார்கள். வேகமாக வளரும் நிறுவனத்தின் பங்கும் இதே வடிவம் உடையது என்றார் டுராண்ட். வளர்ச்சி வீதம் கழிவு வீதத்தைத் தொட்டுவிட்டால் விலை முடிவிலி ஆகிவிடும். அங்கே தவறானது பங்கல்ல, அந்த வேகம் என்றென்றும் நிலைக்கும் என்ற அனுமானம். பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு நிறுவனம் நிரந்தரமாக வளர்ந்தால், ஒரு நாள் பொருளாதாரமே அந்த நிறுவனத்துக்குள் அடங்க வேண்டிவரும். `g` நாட்டின் நீண்டகால வளர்ச்சியைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்கு இதுவே அடிப்படை. பணவீக்கத்தைச் சேர்த்த வீதத்தைச் சேர்க்காத வீதத்தோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

அந்த வரம்புக்குள் நின்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: வளர்ச்சி இலவசமாக வருமா? மெர்ட்டன் மில்லரும் ஃபிராங்கோ மோடிக்லியானியும் 1961இல் இதற்கு விடை தந்தார்கள். வளர, லாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலில் திரும்பப் போட வேண்டும். போட்ட பணம் அதன் செலவை மிஞ்சி ஈட்டினால் மட்டுமே அந்த வளர்ச்சிக்கு மதிப்பு உண்டு. போட்டி மிகுந்த சந்தையில் அந்த அனுகூலம் சில காலமே நிற்கும். மெக்கின்சி ஆலோசகர்கள் எழுதி 1990இல் வெளிவந்த 'வேல்யுவேஷன்' நூல் வழியாக இந்தக் கருத்து மதிப்பீட்டாளர்களின் அன்றாட வேலைக்குள் நுழைந்தது.

நம் நிறுவனத்துக்கு வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் ஆறாம் ஆண்டில் 200 கோடி என்று வைப்போம். அதில் 141.5 கோடி கையில் மிஞ்சுகிறது என்றால் 58.5 கோடி, அதாவது 29 சதவீதம், தொழிலுக்குள் திரும்பிப் போகிறது. அந்த 29 சதவீதத்தைக் கொண்டு 4 சதவீதம் வளர, புதிய முதலீடு ஒவ்வொன்றும் 13.7 சதவீதம் ஈட்ட வேண்டும். திரும்பப் போடும் பங்கை மாற்றாமல் வளர்ச்சியை 5 என்று எழுதினால் அது 17 சதவீதமாகிறது. அந்த 214 கோடி வந்தது இங்கேதான்: தன் பணத்தின் செலவைவிட 6 புள்ளி அதிகமாக இந்த நிறுவனம் என்றென்றும் ஈட்டும் என்ற கூற்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே கணக்குக்குள் வந்துவிட்டது.

அதைச் சொல்லத் துணியாதவர், புதிய முதலீடு அதன் செலவான 11 சதவீதத்தை மட்டுமே ஈட்டும் என்று கொள்ளலாம். அப்போது 4 சதவீத வளர்ச்சிக்கு லாபத்தில் 36 சதவீதம் தேவை. மிஞ்சும் 127 கோடியை 7 சதவீதத்தால் வகுத்தால் 1,818 கோடி. 5 சதவீத வளர்ச்சிக்கு 45 சதவீதம் தேவை. மிஞ்சும் 109 கோடியை 6 சதவீதத்தால் வகுத்தாலும் அதே 1,818 கோடிதான். 200ஐ 11 சதவீதத்தால் நேரே வகுத்தாலும் அதுவே கிடைக்கும். விலையின் மீது வளர்ச்சி வீதத்துக்கு இருந்த பிடி முழுவதும் விட்டுப்போகிறது. மதிப்பீட்டைப் படிப்பவர் இந்த இரண்டாம் கணக்கைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், 1,818க்கும் அறிக்கையிலுள்ள 2,021க்கும் இடையிலான 203 கோடி நிறுவனத்தின் நீடித்த அனுகூலத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை என்று தெரிந்துவிடும். காப்புரிமையோ, பெயரோ, வலைப்பின்னலோ, எது அந்த அனுகூலத்தைத் தாங்கும் என்று அறிக்கை சொல்லியிருக்க வேண்டும்.

இதே குறை சில தாள்களில் இன்னும் எளிய வடிவில் கிடைக்கும். கடைசி ஆண்டின் தேய்மானம் 50 கோடி, புதிய இயந்திரங்களுக்கான செலவு 40 கோடி, அதற்கு மேல் நிரந்தர வளர்ச்சி என்று இருக்கும். தேய்வதைவிடக் குறைவாகப் போட்டுக்கொண்டே போகும் ஆலை ஒரு நாள் காணாமல் போகும். அது வளரும் என்று எழுதுவது முரண். கடைசி ஆண்டு ஏற்றச் சுழற்சியின் உச்சமாக அமைந்துவிட்டாலும் இதே கதிதான். உருக்கின் விலை உச்சத்தில் இருந்த ஓராண்டின் லாபம் சூத்திரத்தால் நிரந்தரமாக்கப்பட்டுவிடும். அதனால் கடைசி ஆண்டை அப்படியே நீட்டாமல், ஒரு சுழற்சியின் சராசரி லாபத்தையும் அந்த வளர்ச்சிக்கு வேண்டிய முதலீட்டையும் வைத்து ஓர் ஆண்டைத் தனியாக அமைப்பார்கள்.

சூத்திரத்தை நம்பாதவர்கள் ஒத்த நிறுவனங்கள் சந்தையில் விற்கும் மடங்கை எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் ஐந்தாம் ஆண்டில் 300 கோடி, சந்தையில் பத்து மடங்கு நடக்கிறது, ஆகவே இறுதி மதிப்பு 3,000 கோடி என்பார்கள். வளர்ச்சி வீதத்தை ஊகிக்கும் வேலை தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் ஐந்தாம் ஆண்டின் 136 கோடி ரொக்கத்தையும் 11 சதவீதக் கழிவு வீதத்தையும் வைத்துச் சூத்திரத்தைத் திருப்பினால், 3,000 கோடிக்குள் ஒளிந்திருக்கும் நிரந்தர வளர்ச்சி 6.2 சதவீதம் என்று வருகிறது. கார்டனும் ஷாப்பிரோவும் 1956இல் செய்த வேலையே இது: விலையிலிருந்து எதிர்பார்ப்புக்குப் போவது.