வெள்ள இழப்பீடு: 24,000 கேட்டால் 12,500 வருவது ஏன்?

கிள்ளானில் ஒரு தரைவீட்டில் வெள்ளம் புகுந்தது என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்க 24,000 ரிங்கிட் கேட்கிறீர்கள். காப்புறுதி நிறுவனம் அனுப்பிய இழப்பு மதிப்பீட்டாளர் வந்து பார்த்து அறிக்கை தருகிறார். அதை எப்படிப் படிப்பது?

காரணம்

முதலில் இதைப் பாருங்க. சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அறிக்கையில் ‘வெள்ளம்’ என்று இருக்கா, ‘குழாய்க் கசிவு’ என்று இருக்கா?

மதிப்பிட்ட இழப்பு

வெள்ளத்துக்கு முன் வீட்டில் இல்லாத 4,000 ரிங்கிட் வேலையை மதிப்பீட்டாளர் நீக்குகிறார். மிச்சம் 20,000.

கழிவுகள்

வீட்டை மீண்டும் கட்ட 4 லட்சம் ரிங்கிட் ஆகும். ஆனால் காப்புறுதி 3 லட்சத்துக்குத்தான். முக்கால் பங்குதான் காப்புறுதி என்பதால் இழப்பிலும் முக்கால் பங்குதான் கிடைக்கும்: 15,000. பெரிய வெட்டு இங்கேதான் விழுகிறது.

அடுத்து, நீங்களே ஏற்க வேண்டிய தொகை. வெள்ளத்துக்கு அது பொதுவாகக் காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு அல்லது 2,500 ரிங்கிட். எது குறைவோ அது. இங்கே 2,500. கையில் வருவது 12,500.

அடுத்து என்ன?

‘முழு, இறுதித் தீர்வு’ படிவத்தில் உடனே கையெழுத்துப் போடாதீங்க. 4 லட்சம் என்ற கட்டுமானச் செலவு அதிகமாகத் தெரிந்தால், குத்தகையாளரின் விலைப்பட்டியலோடு நிறுவனத்துக்கு எழுதுங்க. அந்த மதிப்பு குறைந்தால் வெட்டும் குறையும். நிறுவனத்தின் இறுதி முடிவிலும் திருப்தி இல்லையா? ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்ஸிடம் புகார் செய்யலாம்.