ஒரே விளக்குகள், இரண்டு சென்சார்கள்

டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கும் சறுக்கும் கார் படமுள்ள இஎஸ்சி விளக்கும் ஒன்றாக எரிந்தால், இரண்டு கோளாறுகள் சேர்ந்து வந்துவிட்டதாகப் பலர் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான். நான்கு சக்கரங்களில் ஒன்றின் வேகம் கணினிக்கு வந்து சேரவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ்ஸும், வண்டி வழுக்கித் திரும்பும்போது ஒற்றைச் சக்கரத்தைப் பிடித்து நேராக்கும் இஎஸ்சியும் அதே நான்கு வேகங்களை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஒன்று தவறினாலும் இரண்டும் விலகிக்கொள்ளும். சாதாரண பிரேக் அப்போதும் பிடிக்கும். ஆனால் அந்த இரு விளக்குகளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை நிறுத்தி முதலில் பிரேக் ஆயிலின் அளவைப் பாருங்கள். சென்சாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்சார்தான் காரணம் என்று உறுதி செய்வதில்தான் சிக்கல் இருக்கிறது. சாலையில் ஓடும் கார்களில் இருவகைச் சக்கர வேக சென்சார்கள் உள்ளன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரண்டு வயர் கொண்ட கறுப்புப் பிளாஸ்டிக் முனைதான். எரியும் விளக்கும் ஒன்றே, ஸ்கேனரில் வரும் பிழைக் குறியும் ஒன்றே. சோதிக்கும் முறை மட்டும் நேர் எதிரானது. ஒரு வகைக்குக் கற்ற சோதனையை மற்றதன் மேல் போட்டால் நல்ல சென்சார் கெட்டதாகத் தெரியும். கெட்டது நல்லதாகத் தேறிவிடும். பணிமனைகளில் வீணாக மாற்றப்படும் சென்சார்களுக்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

பழைய வகை, செயலற்ற சென்சார். 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் வந்த காலத்திலிருந்தே இருக்கும் அமைப்பு இது. ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருள், எதிரே சக்கரத்தோடு சுழலும் பல் வளையம். ஒவ்வொரு பல்லும் கடந்து போகும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை, தன் சமிக்ஞையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் ஒரு குறையும் உண்டு. சக்கரம் மெதுவாகச் சுழன்றால் மின்னழுத்தமும் சிறுத்துவிடும். மணிக்கு நான்கைந்து கி.மீ.க்குக் கீழே இந்தச் சென்சாருக்குக் கண் தெரியாது என்றே சொல்லலாம்.

புதிய வகை, செயல்படும் சென்சார். இதன் முனைக்குள் காந்தப்புலத்தை உணரும் சிறு மின்னணுச் சில்லு இருக்கிறது. அதற்கு ஏபிஎஸ் கணினி 12 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்புகிறது. எதிரே பல் வளையம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பெரும்பாலான கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே வடக்கும் தெற்குமாக மாறி மாறிக் காந்தமேற்றிய வளையம் பதிந்திருக்கும். சில்லு தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறது. வேகம் குறைந்தாலும் இந்த இரு அளவுகள் மாறுவதில்லை, மாற்றங்களுக்கு இடையிலான நேரம் மட்டுமே நீள்கிறது. ஆகவே நடை வேகத்தையும் இது துல்லியமாகச் சொல்லும்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது கடலோர ஊரில் பல ஆண்டுகள் ஓடிய, செயலற்ற சென்சார் கொண்ட கார். சிக்னலில் நிற்கப் போகும் கடைசிச் சில அடிகளில், காய்ந்த சாலையிலும் பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்கிறது. சில வாரங்கள் கழித்து இரண்டு விளக்குகளும் எரிகின்றன. இரண்டாவது காரில் செயல்படும் சென்சார். முன் வலது பேரிங் சத்தம் போட்டதால் புதிது போட்டார்கள். பணிமனையை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களிலேயே அதே இரண்டு விளக்குகள்.

இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான். ஏபிஎஸ் கணினியோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். இன்ஜினை மட்டும் படிக்கும் மலிவான கருவி இங்கே உதவாது. பொதுவாக முன் இடது சக்கரத்துக்கு C0035, முன் வலதுக்கு C0040, பின் இடதுக்கு C0045, பின் வலதுக்கு C0050 என்று வரும். சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிக் குறிகள் வைத்திருக்கின்றன. குறி சக்கரத்தைக் காட்டும், சென்சாரைக் குற்றம் சாட்டாது. வயர், கனெக்டர், வளையம், பேரிங் எதில் பழுது வந்தாலும் இதே குறி வரலாம்.

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் கவனிப்பது எந்தக் கருவிக்கும் குறையாத சோதனை. சாவியைத் திருப்பியவுடன், வண்டி நகரும் முன்பே எரிந்து அணையாமல் நின்றால் மின்சுற்று அறுந்திருக்கிறது அல்லது தரையோடு ஒட்டியிருக்கிறது. முதலில் அணைந்து, வண்டி கொஞ்சம் ஓடிய பின் எரிந்தால் சுற்று சரி, சமிக்ஞைதான் சரியில்லை. நம் இரண்டு கார்களிலும் ஓடிய பிறகே எரிந்தது.

அடுத்து, ஸ்கேனரில் நான்கு சக்கர வேகங்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாக ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்கவேண்டும். இங்கே இரு வகைகளும் பிரிகின்றன. முதல் காரில் மற்ற மூன்றும் 4, 5 என்று எண்ணத் தொடங்கியபோது முன் இடது மட்டும் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. வேகம் 15ஐத் தாண்டியதும் அதுவும் சேர்ந்துகொள்கிறது. செயலற்ற சென்சாரில் சமிக்ஞை பலவீனமானால் கோளாறு தாழ்ந்த வேகத்தில்தான் முதலில் தலைகாட்டும். நிற்கப் போகும் நேரத்து அதிர்வுக்கும் இதுவே காரணம். ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கணினி தவறாக நம்பி, ஏபிஎஸ்ஸை இயக்குகிறது. இரண்டாவது காரில் மூன்று சக்கரங்கள் 30 காட்டும்போது முன் வலது பூஜ்ஜியத்திலேயே இருக்கிறது, எந்த வேகத்திலும் அசையவில்லை.

இனி மல்டிமீட்டர். எந்த வகை என்று தெரியாவிட்டால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, வண்டிப் பக்கத்து இரு முனைகளுக்கிடையே வோல்ட் பாருங்கள். பேட்டரிக்கு நெருங்கிய அளவு வந்தால் செயல்படும் சென்சார். மிகக் குறைந்த அளவே வந்தால் பெரும்பாலும் செயலற்றது. செயல்படும் சென்சாருள்ள சில கார்களில், பிழை பதிந்தவுடன் கணினி அந்தச் சக்கரத்துக்கான மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போதும் குறைவாகவே தெரியும். ஆகவே சாவியை ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு அளக்கவேண்டும்.

முதல் காரின் செயலற்ற சென்சாரில் சாவியை அணைத்து, சென்சார் பக்கத்தில் ஓம் அளந்தால் இடதில் 1,180, வலதில் 1,210. இந்த வகைக்கு ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ஓம் வரை இயல்பு. சுருள் அறுந்திருந்தால் மீட்டர் முடிவிலி காட்டியிருக்கும். ஆக, சென்சார் நல்லது என்று இங்கேயே பலர் நிறுத்திவிடுவார்கள், பழி ஏபிஎஸ் கணினி மேல் போகும். நிறுத்தக்கூடாது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைக் கையால் விநாடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றவேண்டும். வலதில் 0.45 வோல்ட், இடதில் 0.12. கம்பிச் சுருள் முழுதாக இருந்தும் சமிக்ஞை மெலிந்திருக்கிறது என்றால் இடைவெளி கூடியிருக்கவேண்டும். சென்சாரைக் கழற்றியதும் அது உட்காரும் உலோகப் பரப்பில் துரு பொங்கியிருந்தது தெரிந்தது. அந்தத் துருதான் சென்சாரைப் பல் வளையத்திடமிருந்து தூக்கிப் பிடித்திருக்கிறது. 1 மி.மீ. அளவில் இருக்கவேண்டிய இடைவெளி 2 மி.மீ.ஐ நெருங்கிவிட்டது. பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து அதே சென்சாரைத் திரும்பப் பூட்டியபின் இடதும் 0.4க்கு மேல் வந்தது. புதுச் சென்சார் வாங்கியிருந்தாலும் அது அதே துருவின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது காரில் ஓம் அளப்பதே பிழை. சில்லுக்குள் சுருள் இல்லை. ஆகவே மீட்டர் காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. சில நேரம் முடிவிலியே வரும், உடனே ‘சென்சார் போச்சு’ என்று தீர்ப்பாகிவிடும். ஒரே மீட்டர், ஒரே ஓம் அமைப்பு. முதல் காரில் உள்ள குறையை மறைத்தது, இங்கே இல்லாத குறையைச் சொல்கிறது. ஏசி வோல்ட் சோதனையும் இங்கே உதவாது. மின்சாரம் கொடுக்காத சென்சார் எவ்வளவு சுழற்றினாலும் பேசாது.

இதற்கு வேறு வரிசை வேண்டும். முதலில் வண்டிப் பக்கத்தில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இந்தக் காரில் 11.8 வோல்ட் வந்தது, வயரிங் சரி. பிறகு கனெக்டரை மாட்டி, சுற்றில் வரிசையாக மீட்டரை மில்லி ஆம்பியரில் இணைத்து, சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்தவேண்டும். 7க்கும் 14க்கும் இடையே எண் தாவினால் சென்சாரும் வளையமும் நலம். இங்கே எண் 7லேயே நின்றது. சில்லுக்கு மின்சாரம் கிடைக்கிறது, ஆனால் அதன் கண்ணெதிரே எந்தக் காந்தமும் கடக்கவில்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் இடது சென்சாரையும் வலது சென்சாரையும் மாற்றிப் போடலாம், இரண்டும் ஒரே பாகமாக இருந்தால். ஆனால் பல ஆண்டு இறுகிய சென்சாரை இழுத்தால் உடைந்துவிடும். நல்ல பக்கத்தையும் இழக்க நேரும் என்பதால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

சந்தேகம் பேரிங் மேல் விழுகிறது. காந்தக் கோடுகளைக் காட்டும் மெல்லிய பச்சைப் படலம் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சென்சார் பார்க்கும் பக்கத்துச் சீலின் மேல் வைத்தால் கோடுகள் வரிசையாகத் தெரியவேண்டும். இந்தக் காரில் எதுவும் தெரியவில்லை. காந்த வளையம் பதிந்த சீல் மறுபக்கம் போய்விட்டது, பேரிங்கைத் திருப்பி அழுத்தியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் இரு சீல்களும் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. அழுத்தி வெளியே எடுத்த பேரிங்கைத் திரும்பப் பூட்டக்கூடாது, புதிதுதான் போடவேண்டும். சென்சார் மட்டும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.

அறுந்த வயரை ஒட்டுப்போடுபவர்களுக்கு இரு வகைக்கும் இடையே இன்னொரு வேறுபாடு முக்கியம். செயலற்ற சென்சாரில் இரு வயர்களும் இடம் மாறினாலும் வேகம் கணக்காகிவிடும். செயல்படும் சென்சாரில் மாறினால் சில்லுக்கு மின்சாரம் தலைகீழாகப் போய் சமிக்ஞை வராது. எந்த வகையானாலும் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பியபடி, வயரை அசைத்துக்கொண்டே அளந்தால்தான் வளைந்து வளைந்து உள்ளே முறிந்த கம்பி அகப்படும்.

பழுது சரியான பின்னும் விளக்கு உடனே அணையாமல் இருக்கலாம். பல கார்களில் வண்டி சில நூறு மீட்டர் ஓடி, நான்கு வேகங்களும் ஒத்துப்போவதைக் கணினி தானே பார்த்த பிறகே அணையும். அதற்குள் மனம் தளர்ந்து இன்னொரு பாகம் வாங்கிவிடாதீர்கள். மெக்கானிக் புதுச் சென்சார் கேட்டால் அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எந்த வகை, திரையில் அந்தச் சக்கரம் என்ன வேகம் காட்டுகிறது? இரண்டுக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.