தக்கவைப்புக் கட்டண விலைப்பட்டியல்

தக்கவைப்புக் கட்டண விலைப்பட்டியல் என்பது, மாதந்தோறும் குறிப்பிட்ட மணி நேரத்தை ஒரு வாடிக்கையாளருக்கு ஒதுக்கித் தரும் ஆலோசகர், அதற்கான நிலையான தொகையைக் கோரி அனுப்பும் பட்டியல் ஆகும். வழக்கில் இது ரீட்டெய்னர் பில் எனப்படுகிறது. ஒதுக்கிய நேரத்திற்கே கட்டணம் என்பதால், மணிகள் மீந்தாலும் தொகை குறைவதில்லை. மீந்தவை அடுத்த மாதத்திற்குச் செல்லுமா, காலாவதியாகுமா என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது.

காலவரம்பு

மீந்த மணிகள் வரம்பின்றிச் சேர்ந்தால், வாடிக்கையாளர் பல மாத மணிகளை ஒரே மாதத்தில் கேட்கக்கூடும். ஆலோசகரிடம் அவ்வளவு நேரம் இராது. எனவே, மீதியை அடுத்த மாத இறுதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது போன்ற வரம்பு விதிக்கப்படுகிறது.

கழிக்கும் வரிசை

காலவரம்பை மட்டும் எழுதிவிட்டு, எந்த மணிகள் முதலில் கழியும் என்பதை எழுதாமல் விடுவதே பிணக்குகளுக்கு வழிவகுக்கிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 20 மணி, மணிக்கு 2,000 ரூபாய், மீதிக்கு ஒரு மாத ஆயுள் எனக் கொள்வோம். சனவரியில் 14, பெப்ரவரியில் 18, மார்ச்சில் 26 மணி வேலை நடக்கிறது. சனவரி மீதி 6 மணி.

* பழையது முதலில்: பெப்ரவரியின் 18 மணியில் 6 பழைய மீதியிலிருந்தும் 12 நடப்பு மாதத்திலிருந்தும் கழிகின்றன. மார்ச்சுக்கு 8 மணி செல்கிறது. மார்ச்சில் மொத்தம் 28 மணி இருப்பதால் கூடுதல் கட்டணம் இல்லை.
* நடப்பு முதலில்: 18 மணியும் பெப்ரவரி ஒதுக்கீட்டிலிருந்தே கழிகின்றன. சனவரியின் 6 மணி காலாவதியாகிறது. 2 மணி மட்டுமே மார்ச்சுக்குச் செல்கிறது. மார்ச்சில் 4 மணி மிகுவதால் 8,000 ரூபாய் கூடுதலாகக் கோரப்படும்.

வேலையும் விலையும் ஒன்றே. வரிசை மட்டுமே வேறு.

பட்டியலின் அமைப்பு

தொகைப் பகுதியில் 40,000 ரூபாய் மாறாமல் இடம்பெறும். அதன் கீழ், முன்மாத மீதி, இம்மாத ஒதுக்கீடு, பயன்படுத்தியவை, காலாவதியானவை, அடுத்த மாதத்திற்குச் செல்பவை என மணிக் கணக்கு தனியே தரப்படும். முதல் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து அடுத்த இரண்டையும் கழித்தால் கடைசி எண் வர வேண்டும். வராவிடில் கணக்கில் பிழை உள்ளது. ஒதுக்கீட்டை மிஞ்சிய மணிகள் கூடுதல் கட்டணமாகத் தனி வரியில் வரும். காலாவதி நாளை முன்மாதப் பட்டியலிலேயே குறிப்பிட்டால், வாடிக்கையாளர் அதற்குள் வேலை தர இயலும்.

வரி

இந்தியாவில் சூலை 2017 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியில், உரிய காலத்தில் தரப்பட்ட பட்டியலின் நாள், பணம் பெற்ற நாள் ஆகியவற்றுள் முந்தியதே வரிப்பொறுப்பு எழும் நாளாகும். பதிவு பெற்ற ஆலோசகர் 18% வீதத்தில் 7,200 ரூபாய் சேர்த்து 47,200 ரூபாய் கோருவார். ஆகவே, மீந்த மணிகள் பின்னர் பயன்படுத்தப்படும்போது மீண்டும் வரி இல்லை. கூடுதல் மணிகளுக்கான தொகைக்கு மட்டும் வரி சேரும்.