ஓர் உடலுக்கு ஓர் உடை. ஓர் அளவுக்கு ஆயிரம் உடை

யாழ்ப்பாண நகரத்துத் துணிக்கடைப் பலகைகளிலும் பரிஸ் லா சப்பலிலிருந்து வரும் விளம்பரங்களிலும் ‘கூத்யூர்’ என்ற சொல்லை இப்போது காணலாம். ஓத் கூத்யூர், பிரெத்-அ-போர்த்தே என்ற இரண்டும் பிரெஞ்சுச் சொற்கள். முதலாவதன் நேர்ப்பொருள் ‘உயர் தையல்’. இரண்டாவதன் பொருள் ‘உடுத்தத் தயார்’. ஒன்று விலை கூடியது, மற்றது மலிவானது என்பதே பொதுவான எண்ணம். உண்மையான வேறுபாடு விலையில் இல்லை. துணியை வெட்டுவதற்கு முன்னர் அதை உடுத்தப்போகிறவர் யார் என்று தெரியுமா, தெரியாதா என்பதில்தான் இருக்கிறது.

பிரான்சில் ஓத் கூத்யூர் என்ற பெயரை யாரும் விரும்பியபடி பயன்படுத்த முடியாது. 1945ஆம் ஆண்டு முதல் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர். தனி வாடிக்கையாளருக்காக அளவெடுத்து, உடலில் போட்டுப் பார்த்துத் திருத்தித் தைக்க வேண்டும். பரிசில் முழுநேரத் தொழிலாளருடன் சொந்தத் தையற்கூடம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை புதிய உடைகளைக் காட்சிப்படுத்த வேண்டும். இவற்றை நிறைவேற்றும் நிறுவனங்களுக்கே அனுமதி கிடைக்கும். இந்த முறைக்கு வித்திட்டவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். 1858இல் பரிசில் கடை திறந்த சார்ள்ஸ் பிரெடரிக் வேர்த் என்ற ஆங்கிலேயர் அவர்.

அங்கே ஓர் உடை உருவாகும் ஒழுங்கு இது. முதலில் வாடிக்கையாளரின் அளவுகள் எடுக்கப்படும். தையல் பொம்மையின் மேல் பஞ்சும் துணியும் வைத்து, அதை அந்தப் பெண்ணின் உடலமைப்புக்கே கொண்டு வருவார்கள். ஒரு தோள் மற்றையதை விடத் தாழ்ந்திருந்தால் பொம்மையின் தோளும் தாழும். பிறகு விலையுயர்ந்த துணியைத் தொடாமல், மலிவான காடாத் துணியில் முழு உடையையும் வெட்டி, பிரிக்கக் கூடிய நீளத் தையலால் இணைப்பார்கள். அதை வாடிக்கையாளருக்கு அணிவித்து, எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று பார்த்து ஊசி குத்தி அடையாளமிடுவார்கள். திருத்தம் முடிந்ததும் அந்தக் காடாத் துணியைப் பிரித்தால் கிடைக்கும் துண்டுகளே அவருக்கான வெட்டுப் படிவம். அதன்படி உண்மைத் துணி வெட்டப்பட்டு, மீண்டும் தற்காலிகத் தையலுடன் அணிவித்துப் பார்க்கப்படும். இறுதித் தையலின் பெரும்பகுதி கையால் நடக்கும். அலங்கார வேலை கூடிய ஓர் உடைக்குச் சில நூறு மணித்தியாலங்கள் செல்லும்.

அந்த அலங்காரத்தில் நமக்குப் பழக்கமான ஒன்றும் உண்டு. பரிசின் புகழ்பெற்ற லெசாஜ் எம்பிராய்டரிக் கூடத்தில் மணி கோக்கப் பயன்படும் கொக்கி ஊசி, நம் ஊரில் கல்யாண பிளவுசுக்கு ஆரி வேலை செய்யும் ஊசியை ஒத்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜான்-பிரான்சுவா லெசாஜ் 1993இல் சென்னையில் எம்பிராய்டரிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

பிரெத்-அ-போர்த்தேயில் ஒழுங்கு தலைகீழாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்க ஆயத்த ஆடை முறையைக் குறிக்க பிரெஞ்சு வணிகர்கள் இச்சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1966இல் ஈவ் சான் லோரான் தன் பெயரிலேயே ஆயத்த ஆடைக் கடை திறந்தபோது, பெரிய தையற்கூடங்களும் இந்த வழிக்கு வந்தன. இந்த உற்பத்தி முறை வட மாகாணத்துக்குப் புதிதல்ல. போர் முடிந்த பின் கிளிநொச்சியில் எம்ஏஎஸ் நிறுவனத்தின் விடியல், வானவில் தொழிற்சாலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் தொழிற்சாலையும் வந்தன.

தொழிற்சாலையில் ஒரு ரீசேட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் இடைநிலை அளவில் மாதிரி தைத்து, கொள்வனவாளரின் ஒப்புதல் பெறப்படும். அந்தப் படிவத்தைக் கணக்குப்படி பெருக்கியும் குறைத்தும் மற்ற அளவுகள் எடுக்கப்படும். மார்புச் சுற்று நான்கு சென்ரிமீற்றர் கூடினால் தோளும் நீளமும் குறித்த அளவு கூடும். மார்பு பெருத்தும் தோள் ஒடுங்கியும் உள்ள ஒருவருக்கு ரெடிமேட் சட்டை சரிவராததற்குக் காரணம் இந்தக் கணக்கே.

பின்னல் துணி உருளையில் இழுபட்டுச் சுற்றியிருப்பதால், வெட்டுவதற்கு முன் அதை விரித்துத் தளர விடுவார்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், வெட்டிய பின் துணி சுருங்கி அளவு குறையும். பிறகு பல அடுக்குகளாக விரித்து, மேலே படிவத் தாளை வைத்து, மின்கத்தியால் ஒரே தடவையில் வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அடுக்கு இலக்கம் ஒட்டப்படும். உருளைக்கு உருளை நிறம் சற்று மாறும் என்பதால், உடலும் கையும் ஒரே அடுக்கிலிருந்து வர வேண்டும். இலக்கம் மாறிப்போன சட்டையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கையின் நிறம் வேறாகத் தெரியும்.

தையல் வரிசையில் யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. கணக்குக்காக, ஒரு ரீசேட்டுக்கு எட்டு நிமிட வேலை, வரிசையில் 16 பேர் என்று வைப்போம். ஒருவருக்குச் சராசரி அரை நிமிடம். மணித்தியாலத்துக்கு 120 சட்டை வர வேண்டும். ஆனால் கழுத்துப் பட்டி வைப்பதற்கு மட்டும் முக்கால் நிமிடம் எடுத்தால், அந்த இடத்தைத் தாண்டி 80 சட்டையே போகும். மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் கழுத்துக்காரரிடம் கட்டுகள் குவியும். அங்கே இன்னொருவரை உட்கார வைக்காமல் அவரையே விரட்டினால் கழுத்து சுருக்கம் விழும். இலக்கு எட்டப்படாததற்குத் தொழிலாளியின் சோம்பல்தான் காரணம் என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த வரிசைக் கணக்கை.

முடிந்த சட்டைகளைக் கொள்வனவாளர் சார்பில் சோதிப்போர் அத்தனையையும் பார்ப்பதில்லை. பரவலாக உள்ள விதி ஒன்றின்படி ஆயிரம் சட்டையில் 80ஐ எழுந்தமானமாக எடுப்பார்கள். ஐந்து பிழை வரை ஏற்பு. ஆறாவது வந்தால் முழுத் தொகுதியும் திரும்பும்.

இப்போது பண்டத்தரிப்பில் ஒரு தையற்கடையைப் பார்ப்போம். அளவெடுத்து, தனித்தனியே வெட்டி, போட்டுப் பார்த்துப் பிடித்துக் கொடுக்கும் தையற்காரி, பரிஸ் சட்டம் தரும் பெயருக்கு உரியவர் அல்லர். ஆனால் அவரது முறை அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. உள்பக்கத்தைத் திருப்பினால் இது தெரியும். அவர் தைத்த பிளவுசில் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலத் துணி இருக்கும். உடம்பு வைத்தால் பிரித்து விடலாம். ரெடிமேட்டில் ஓவர்லொக் இயந்திரம் மிச்சத்தை வெட்டி விடுவதால் விடுவதற்குத் துணியே இல்லை.

போருக்குப் பின் வாழ்வாதார உதவியாகப் பல பெண்களுக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது. பலர் தொழிற்சாலைக்கும் போனார்கள். இரண்டும் தையல் என்றாலும் அறிவு ஒன்றல்ல. ஐந்தாண்டு கழுத்துப் பட்டி வைத்தவர் வேகமும் நேர்த்தியும் உள்ளவர். ஆனால் அளவெடுக்கவும், படிவம் வரையவும், வெட்டவும் அந்த வரிசை அவருக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டில் கடை போட விரும்பினால் அவர் கற்க வேண்டியது இந்த மூன்றையும், காடாத் துணியில் போட்டுப் பார்த்துத் திருத்துவதையுமே. மறுபக்கத்தில், பாடசாலை தொடங்கும் காலத்தில் 50 வெள்ளைச் சீருடை ஓடர் எடுக்கும் ஊர்த் தையற்காரி ஒவ்வொன்றையும் தனியே வெட்டினால் நாள் போதாது. அளவு வாரியாகப் பிரித்து, ஒரு மாதிரியை முதலில் தைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்து, அடுக்கி வெட்டி, இலக்கமிட்டு, கொலர்களை எல்லாம் ஒன்றாகவும் கைகளை எல்லாம் ஒன்றாகவும் தைத்தால் அதே இயந்திரத்தில் வேலை விரைவாக முடியும். கல்யாண பிளவுசுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அதற்கு அளவு நாடாவோடு மணப்பெண் நேரில் வந்து நிற்கத்தான் வேண்டும்.