விண்மீன்–தடுப்பு முறையும் கீழ் எல்லையுள்ள மாறிகளும்

விண்மீன்–தடுப்பு முறை என்பது, பல மாறிகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட முழு எண்ணாக அமையும் சமன்பாட்டுக்கு எத்தனை முழு எண் தீர்வுகள் உள்ளன என்பதைத் தீர்வுகளைப் பட்டியலிடாமலேயே கணக்கிடும் சேர்வியல் முறையாகும். வில்லியம் பெல்லர் 1950இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலின் வழியாக இது பரவலாக அறியப்பட்டது. கூட்டுத்தொகை n ஆகவும் மாறிகள் k ஆகவும் இருக்கும்போது, n விண்மீன்களை ஒரு வரிசையில் இட்டு, அவற்றை k பகுதிகளாகப் பிரிக்க k−1 தடுப்புகளை வைத்தால், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள விண்மீன்களின் எண்ணிக்கை ஒரு மாறியின் மதிப்பாகிறது. மொத்தமுள்ள n+k−1 இடங்களில் தடுப்புகளுக்குரிய இடங்களைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்பதால், தீர்வுகளின் எண்ணிக்கை C(n+k−1, k−1) ஆகும்.

அடுத்தடுத்து வைக்கப்படும் இரு தடுப்புகளுக்கு நடுவே விண்மீன் இல்லாமலும் போகலாம். ஆகவே இச்சூத்திரம் ஒவ்வொரு மாறியின் மிகச் சிறிய மதிப்பையும் பூச்சியம் என்றே கொள்கிறது. சில மாறிகள் இதைவிட உயர்ந்த மதிப்பில்தான் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை, அதாவது கீழ் எல்லை, விதிக்கப்பட்டால், அந்தக் குறைந்தபட்ச அளவை முதலிலேயே அந்தந்த மாறிக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் பங்கிட வேண்டும்.

x+y+z=10, x≥2, y≥3, z≥0 என்னும் சமன்பாட்டில் x=a+2, y=b+3, z=c எனப் பதிலிட்டால் a+b+c=5 என்று மாறுவதோடு, புதிய மாறிகள் மூன்றும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. ஆகவே தீர்வுகள் C(7,2)=21 ஆகும். எடுத்துக்காட்டாக, ★★|★|★★ என்னும் அடுக்கு a=2, b=1, c=2 என்பதைக் குறிப்பதால் x=4, y=4, z=2 என்ற தீர்வைத் தருகிறது. கூட்டிய எண்களைக் கழித்தால் மூலத் தீர்வுகள் ஒவ்வொன்றும் புதிய தீர்வு ஒன்றோடு மட்டுமே பொருந்துவதால், எதுவும் விடுபடுவதில்லை, இரு முறை எண்ணப்படுவதுமில்லை. x=2 எனில் y 3 முதல் 8 வரை ஆறு மதிப்புகளையும், x=3 எனில் ஐந்தையும் பெற்று, இவ்வாறே ஒவ்வொன்றாகக் குறைந்து வருவதால், 6+5+4+3+2+1=21 என நேரடியாகவும் சரிபார்க்கலாம்.

கீழ் எல்லை குறை எண்ணாக இருப்பினும் முறை மாறுவதில்லை. மேற்கண்ட சமன்பாட்டில் z≥−2 எனத் தளர்த்தினால் z=c−2 எனப் பதிலிட வேண்டும்; பங்கிட வேண்டிய தொகை 7 ஆக உயர்ந்து, தீர்வுகள் C(9,2)=36 ஆகின்றன. பிழை பெரும்பாலும் நேர்வது x>2 போன்ற நிபந்தனையில்தான். முழு எண்களைப் பொறுத்தவரை அது x≥3 என்பதால், கழிக்க வேண்டியது 2 அன்று, 3 ஆகும். எல்லைகளின் கூட்டுத்தொகை n ஐ விஞ்சினால் தீர்வே இல்லை. அந்நிலையில் சூத்திரத்தைப் பயன்படுத்தலாகாது.

மேல் எல்லையை இத்தகைய பதிலீட்டால் மட்டும் கையாள முடியாது. x≤4 என்ற நிபந்தனையும் முதல் கணக்கில் சேர்ந்தால், அதை மீறும் தீர்வுகளை, அதாவது x≥5 என்ற கீழ் எல்லையுடையவற்றை, இதே முறையில் C(4,2)=6 என எண்ணி, 21இலிருந்து கழித்து 15 எனப் பெற வேண்டும்.