குழந்தையின் அசைவு குறையுதா? காலைவரை காத்திருக்காதீங்க!

ஏழாம் மாதம் தாண்டிவிட்டால், ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டரோ நர்ஸோ கேட்கும் கேள்வி இது: ''குழந்தை அசைவு நல்லா இருக்கா?'' நாமும் ''ம்... இருக்கு'' என்று சொல்லிவிட்டு பி.பி பார்க்கக் கையை நீட்டிவிடுவோம். ஆனால், அந்த 'நல்லா' என்றால் எவ்வளவு? பக்கத்து சேரில் உட்கார்ந்திருப்பவர், ''எனக்கு ராத்திரியெல்லாம் தூங்க விடாம உதைக்குது'' என்பார். உங்கள் குழந்தையோ அமைதியாகப் புரளும் ரகமாக இருக்கும். இரண்டுமே நார்மலாக இருக்கலாம். அதனால், பக்கத்து சேர் கணக்கு உங்களுக்கு உதவாது. உங்கள் குழந்தைக்கு எது வழக்கம், இன்று அது மாறியிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

முதல் பிரசவம் என்றால், பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில்தான் அசைவு தெரிய ஆரம்பிக்கும். இரண்டாவது குழந்தை என்றால் 16 வாரத்திலேயே சிலருக்குப் புரிந்துவிடும். நஞ்சு கர்ப்பப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால், நடுவில் மெத்தை வைத்ததுபோல் உதை மந்தமாகத் தெரியும். 24 வாரம் ஆகியும் ஒருமுறைகூட அசைவை உணரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்க. ஆரம்பத்தில் அசைவுக்கு நேரம் காலமெல்லாம் கிடையாது. 28 வாரத்தை ஒட்டித்தான் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். நம் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு நடக்கும் நேரம் அது. வளையல் போட்ட கையோடு எண்ணவும் ஆரம்பிக்கலாம்.

எப்படி எண்ணுவது?

உங்கள் குழந்தை வழக்கமாகத் துறுதுறுவென இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்க. பலருக்கு அது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான். தினமும் அதே நேரம் இருக்கட்டும். டி.வி, ரீல்ஸ் எல்லாம் ஆஃப். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்துக்கொள்ளுங்க. முதல் அசைவு தெரிந்ததும் மணி பாருங்க. உதை, புரளல், நெளிவு எல்லாமே கணக்கில் வரும். தொடர்ச்சியாக நான்கைந்து முறை அசைந்துவிட்டு நின்றால், அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்க. ஒரே சீராக 'டுக் டுக்' என்று சில நிமிடங்கள் வருவது விக்கல், அதை எண்ண வேண்டாம். 10 அசைவு வந்ததும், எத்தனை நிமிடம் ஆனது என்று போன் நோட்ஸில் குறித்துவையுங்க. இதற்குத் தனி ஆப் தேவையே இல்லை.

ஒரு வாரம் எழுதினால் உங்கள் குழந்தையின் கணக்கு பிடிபடும். ஒரு குழந்தை 15 நிமிடத்தில் பத்தை முடிக்கும். இன்னொன்று 45 நிமிடம் எடுக்கும். நடுவில் தூங்கவும் செய்யும். ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம் வரை இருக்கலாம், ஆரோக்கியமான குழந்தை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் தூங்குவது அபூர்வம். 28 வாரத்துக்குப் பிறகு, இரண்டு மணி நேரம் கவனித்தும் 10 அசைவு வரவில்லை என்றால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். சில டாக்டர்கள், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் கவனித்து, குறைந்தது மூன்று அசைவு இருக்கிறதா பார்க்கச் சொல்வார்கள். வேறு சிலர், ''12 மணி நேரத்துல பத்து இருந்தா போதும்'' என்பார்கள். இந்த இரண்டாவது முறை 1970-களில் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவானது. உங்கள் டாக்டர் சொன்ன முறையையே பின்பற்றுங்க. ஆனால், அந்த எண்ணை 'பாஸ் மார்க்' என்று மட்டும் நினைக்காதீங்க. தினமும் 20 நிமிடத்தில் பத்து முறை அசையும் குழந்தை, இன்று பத்து அசைவுக்குப் பகல் முழுக்க எடுத்துக்கொண்டால், அந்தக் கணக்குப்படி 'பாஸ்'. உண்மையில் அது பெரிய சரிவு!

குழந்தை ஏன் அடங்கிப்போகிறது?

போனில் சார்ஜ் குறைந்தால் பேட்டரி சேவர் மோடுக்குப் போகிறதே, கிட்டத்தட்ட அதுதான். நஞ்சு வழியாக வரும் ஆக்சிஜனும் சத்தும் குறையும்போது, குழந்தை இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கும். முதலில் கட் ஆவது கை, கால் ஆட்டம். இதயத் துடிப்பு கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான், ஆன்லைனில் வாங்கும் டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்து, ''ஹார்ட் பீட் கேட்குது, பயமில்ல'' என்று படுத்துவிடக் கூடாது. துடிப்பு இருக்கிறது என்பது, குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றல்ல. சில நேரம் கேட்பது அம்மாவின் ரத்த ஓட்டச் சத்தமாகவே இருக்கும். போனின் மைக்கைக் கொண்டு துடிப்பைக் காட்டும் ஆப்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், வீட்டுப் பெரியவங்க சொல்வது. ''மாசம் நெறஞ்சா குழந்தை அடங்கிடும், உள்ள இடம் இருக்காதுல்ல!'' அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் இது தவறு. கடைசி வாரங்களில் அசைவின் தன்மை மாறலாம். பளீர் உதை குறைந்து, நெளிவும் புரளலும் கூடலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. வலி வரும் நாள்வரை, வலி எடுத்த பிறகும்கூட, குழந்தை அசைய வேண்டும். 'ஜூஸ் குடி, ஸ்வீட் சாப்பிடு, தானா துள்ளும்' என்பதும் அப்படித்தான். பசித்தால் சாப்பிடுங்க, தப்பில்லை. ஆனால், ஜூஸ் குடித்துவிட்டு ஒரு மணி நேரம், பிறகு இன்னொரு மணி நேரம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில்தான் ராத்திரி கழிந்துபோகிறது.

ஓர் உதாரணம்

முதல் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 35-வது வாரம். தினமும் ராத்திரி எட்டரைக்கு எண்ணுகிறார். போன வாரக் குறிப்பில் இருப்பது 18, 25, 20, 30, 22, 15, 27 நிமிடங்கள். அதாவது, அரை மணிக்குள் பத்து முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உறவினர் விசேஷம். அலைந்து திரிந்து வந்து படுத்தால், ஒன்பதரை வரை நான்குதான். அதுவும் லேசாக. அம்மா, ''நீயும் அலைஞ்ச, அதுவும் தூங்குது. காலையில பாப்போம்'' என்கிறார். இரண்டு மணி நேரக் கணக்குப்படி இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. ஆனால், யோசித்துப் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாக வரும் உதையும் இன்று ஞாபகத்தில் இல்லை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் போய்விட்டது, பாதிகூட முடியவில்லை. இந்த இடத்தில் மிச்ச ஒரு மணி நேரத்தை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. அவர் போன் செய்துவிட்டுக் கிளம்புகிறார்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? எப்போதிலிருந்து குறைந்தது, கசிவோ நீர்போக்கோ இருக்கிறதா என்று கேட்பார்கள். பி.பி பார்த்து, டேப்பால் வயிற்றை அளப்பார்கள். துடிப்பு இருப்பதை உறுதிசெய்துவிட்டு, வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி என்.எஸ்.டி எடுப்பார்கள். சில ஆஸ்பத்திரிகளில் இதை சி.டி.ஜி என்பார்கள். ஒன்று குழந்தையின் துடிப்பையும், மற்றொன்று கர்ப்பப்பை இறுகுவதையும் பேப்பரில் கோடாக வரையும். பொதுவாக துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160-க்குள் இருக்க வேண்டும். அதோடு, குழந்தை அசையும்போது அது கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும். 20 நிமிடத்தில் இப்படி இரண்டு ஏற்றமாவது தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை தூங்கினால் இன்னும் 20 நிமிடம் நீட்டிப்பார்கள். வலி, ஊசி எதுவும் கிடையாது.

அவருக்கு அன்று ரிப்போர்ட் நார்மல். அசைவும் திரும்பிவிட்டது. இப்படி ஒருமுறை அசைவு குறைந்து வருபவர்களில் பத்தில் ஏழு பேருக்குப் பிரசவம் பிரச்னையின்றியே முடிகிறது. ''தேவையில்லாம வந்துட்டோமோ'' என்ற கூச்சத்தோடு வீடு திரும்புகிறார்.

ஒன்பது நாள் கழித்து மறுபடியும் அதே மந்தம். இந்த இரண்டாவது முறைதான் பலரும் கோட்டை விடும் இடம். போன தடவை நார்மல் என்று சொல்லிவிட்டார்களே, மறுபடி போனால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குவார்கள். அந்த ரிப்போர்ட் அன்றைய நிலவரம் மட்டும்தான், அடுத்த வாரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. இரண்டாம் முறை குறைவதை டாக்டர்கள் இன்னும் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள். நம் உதாரணப் பெண்ணுக்கு இம்முறை ஸ்கேனும் எடுக்கிறார்கள். குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்ப இல்லை, பனிக்குட நீரும் குறைவு. அட்மிட் செய்து, அருகிலிருந்து கண்காணித்து, 37 வாரம் ஆனதும் பிரசவத்தை வரவைக்க முடிவெடுக்கிறார்கள். குறைந்த அசைவைத் தவிர, வெளியே தெரிந்த அறிகுறி வேறு எதுவுமே இல்லை.

எண்ணுவது ஒரு கவசம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டன், அயர்லாந்தில் 33 ஆஸ்பத்திரிகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. அசைவு பற்றிய விழிப்பு உணர்வும் அதற்கான சிகிச்சைத் திட்டமும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாக அதில் நிரூபணமாகவில்லை. சிசேரியனும் வலி வரவைப்பதும் கூடியிருந்தது. அதனால், நாளெல்லாம் எண்ணிப் பதறவும் வேண்டாம். டாக்டர் சொன்ன நேரத்தில் எண்ணினால் போதும். மற்ற நேரத்தில் உங்கள் வேலையைப் பாருங்க.

எப்போது உடனே?

அசைவு நின்றுவிட்டது, வழக்கத்தைவிட தெளிவாகக் குறைந்திருக்கிறது, அல்லது திடீரென மூர்க்கமாகத் துள்ளிவிட்டு அடங்கிவிட்டது... இதில் எதுவானாலும், ராத்திரி இரண்டு மணியானாலும் அப்போதே கிளம்ப வேண்டும். கூடவே ரத்தக் கசிவு, பனிக்குடம் உடைதல், வயிறு கல் மாதிரி இறுகி வலித்தல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் போனில் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, 108-ஐ அழையுங்க. சுகர், பி.பி, குழந்தை எடை குறைவு என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் சின்ன மாற்றத்தையும் விடக் கூடாது. நுரையீரல் வளர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஓரிரு நாள் அசைவு மந்தமாகலாம். ஆனாலும், 'ஊசியாலதான்' என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் சொல்லுங்க.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்துவையுங்க. அந்த ஊரில் ராத்திரியிலும் மகப்பேறு டாக்டரும் என்.எஸ்.டி மெஷினும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து, நம்பரை போனில் சேமித்துவிடுங்க. தமிழ்நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகளில் 24 மணி நேர அவசர மகப்பேறு சிகிச்சைக்கு 'சீமாங்' மையங்கள் இருக்கின்றன. பக்கத்தில் எது என்று உங்கள் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். போகும்போது செக்கப் நோட்டு, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், உங்கள் அசைவுக் குறிப்பு மூன்றையும் எடுத்துப் போங்க. டாக்டர் முன்னால் ''கொஞ்சம் கம்மியா இருக்கு'' என்று இழுக்காமல், ''தினமும் அரை மணிக்குள்ள பத்து வரும், இன்னைக்கு ஒரு மணி நேரத்துல நாலுதான்'' என்று சொல்லுங்க.